கால் வீங்கும் முன் எடை சொல்லும்

நர்சிங் படிக்கும்போது இதயச் செயலிழப்புக்கு ஓர் அட்டவணை உண்டு. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் பலவீனமானால் மூச்சு வாங்குதல், இரவு இருமல், நுரையீரலில் நொறநொற சத்தம். வலது பக்கம் பலவீனமானால் கால் வீக்கம், கழுத்து நரம்பு புடைப்பு, வயிற்றில் நீர். தேர்வுக்கு இது போதும். ஆனால் வார்டுக்கு வருகிறவர்கள் அந்தக் கோட்டை மதித்து வருவதில்லை. பாதிப் பேருக்கு மேல் இரண்டு பக்கத்து அறிகுறிகளையும் கலந்துதான் கொண்டு வருகிறார்கள். நோயாளிக்குக் கற்றுக்கொடுக்க உட்காரும்போது எனக்கு உதவியது அட்டவணை அல்ல, தண்ணீர் எந்த வழியாகப் பின்னுக்குத் தேங்குகிறது என்ற கணக்குதான்.

இதயத்தின் இடது பக்கம் நுரையீரலிலிருந்து ரத்தத்தை வாங்கி உடம்புக்குத் தள்ளுகிறது. வலது பக்கம் உடம்பிலிருந்து வாங்கி நுரையீரலுக்குத் தள்ளுகிறது. எந்தப் பக்கம் தள்ள முடியாமல் தடுமாறுகிறதோ, அதற்குப் பின்னால் இருக்கும் இடத்தில் அழுத்தம் ஏறும். இடது பக்கத்துக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். வலது பக்கத்துக்குப் பின்னால் கழுத்து, கல்லீரல், குடல், கால் எல்லாம். இதைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய அதிகம் மிச்சமில்லை.

இடது பக்க அறிகுறிகளில் மூச்சு வாங்குவதை நேரடியாகக் கேட்டால் சரியான பதில் வராது. “மூச்சு வாங்குதா?” என்றால் “இல்லை சிஸ்டர், நல்லா இருக்கேன்” என்பார்கள். பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். மாடி ஏறுவதில்லை, நடக்கப் போவதில்லை, குளித்தபின் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: போன மாதம் செய்து இந்த மாதம் செய்யாமல் விட்டது என்ன? தலைக்கு எத்தனை தலையணை? கட்டிலில்தான் தூங்குகிறீர்களா, நாற்காலியிலா? குனிந்து செருப்பை மாட்டும்போது எப்படி இருக்கிறது? குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுகிறது என்றால் அதுவே ஒரு அறிகுறி. படுத்தால் மூச்சு முட்டுவதற்குக் காரணம், பகலெல்லாம் காலிலும் வயிற்றிலும் தங்கியிருந்த ரத்தமும் நீரும் படுத்ததும் நெஞ்சுக்குத் திரும்புவது. அந்தக் கூடுதல் பாரத்தை இடது பக்கத்தால் தள்ள முடிவதில்லை. தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் திடுக்கென்று எழுந்து, மூச்சுக்காக ஜன்னலோரம் போய் நிற்பதும் இதனால்தான். இளஞ்சிவப்பு நுரையோடு சளி வந்தால் அது அவசரம். அங்கே கேள்வி கேட்க நேரமில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

ஸ்டெதாஸ்கோப்பில் நொறநொற சத்தம் கேட்கவில்லை என்பதற்காக நுரையீரல் சுத்தம் என்று நினைக்கக் கூடாது. பல வருடங்களாக இந்த நோயோடு இருப்பவர்களுக்கு நிணநீர்க் குழாய்கள் பெருத்து, கசியும் நீரை வடித்துவிடப் பழகியிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், சத்தம் இருக்காது. புதிதாக வார்டுக்கு வரும் பிள்ளைகள் ஏமாறும் இடங்களில் இது ஒன்று.

வலது பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது கால் வீக்கம். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழும். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலைப் பார்த்து ஏமாறக் கூடாது. தண்ணீர் தாழ்ந்த இடம் தேடும். அவருக்குத் தாழ்ந்த இடம் முதுகின் அடிப்பகுதி. புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். அடுத்தது கல்லீரல். அது வீங்கி அதன் உறை இழுபடும்போது வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். நோயாளி இதை வாயுத் தொல்லை என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போடுவார். குடல் சுவரும் வீங்கியிருப்பதால் வாய்வழியாகப் போடும் ஃப்யூரோசமைடு, அதாவது நீர் பிரியும் மாத்திரை, மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். “அதே மாத்திரைதான், முன்னே வேலை செய்தது, இப்போ செய்யலை” என்று சொல்பவரிடம் நான் மாத்திரையை மட்டும் சந்தேகப்படுவதில்லை. கழுத்தைப் பார்ப்பேன். தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்திச் சாய வைத்தால், மார்பெலும்பின் மேட்டுக்கு மேல் 3 செ.மீ.க்கு அதிகமாகக் கழுத்து நரம்பு நிரம்பியிருந்தால் வலது பக்கத்தில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

வலது பக்கம் பலவீனமாவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இடது பக்கம் பலவீனமாவதுதான். நுரையீரலில் தேங்கும் அழுத்தத்துக்கு எதிராக வலது பக்கம் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோகிறது. நாள்பட்ட நுரையீரல் நோய், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பது போன்றவற்றில் வலது பக்கம் மட்டும் தனியாகப் பழுதாவதும் உண்டு. ஆனால் வார்டில் பார்ப்பவர்களில் அவர்கள் குறைவு.

சரி, இவ்வளவு அறிகுறிகள் தெரிந்தும் தினமும் எடை பார்க்கச் சொல்வது எதற்கு? அவை எல்லாமே தாமதமாக வருபவை என்பதால். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் உடம்பில் சில லிட்டர் நீர் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கொழுப்பு ஒரே வாரத்தில் 2 கிலோ ஏறாது, தசையும் ஏறாது. அவ்வளவு வேகமாக ஏறுவது நீர் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் சேரும் நிலைக்குப் போகிறவர்களில் பலருக்கு, சேர்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எடை ஏறத் தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு வாரம்தான் வீட்டிலேயே சரிசெய்யக் கிடைக்கும் நேரம். நீர் எங்கே போய்த் தேங்கியது என்று இடது வலது அறிகுறிகள் பின்னால் சொல்லும். நீர் சேர்கிறது என்பதை முதலில் சொல்வது எடை.

ஒருவருடைய நோட்டுப் புத்தகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 68 வயது, தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாரடைப்பு வந்து இடது பக்கம் பலவீனமானவர். எடையைத் தினமும் அவர் மனைவி எழுதி வைப்பார், ஒரு நாளும் விட்டதில்லை. நீர் எல்லாம் வடிந்து நன்றாக இருந்த செவ்வாய்க்கிழமை 64.0 கிலோ. புதன் 64.1. வியாழன் 64.5. வெள்ளி 65.2. சனி 65.8. ஞாயிறு 66.6. திங்கள் 67.2. திங்கள் இரவு ஒரு மணிக்கு இருமலோடு எழுந்து உட்கார்ந்தவர், அதற்குமேல் படுக்க முடியாமல் எங்களிடம் வந்தார். நுரையீரலின் இரண்டு அடிப்பகுதியிலும் நொறநொற சத்தம், கழுத்து நரம்பு நிரம்பியிருந்தது, காலில் லேசான குழி. இடதும் வலதும் சேர்ந்தே வந்திருந்தன.

நாங்கள் சொல்லியிருந்த வரம்பு, 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் கூப்பிட வேண்டும் என்பது. ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டிகள் சொல்வதும் அதுதான். அமெரிக்காவில் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக, ஒரே நாளில் 1 முதல் 1.5 கிலோ அல்லது ஒரு வாரத்தில் 2.3 கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கணக்கில் வியாழன் 64.5, ஞாயிறு 66.6. ஞாயிறு காலையே கோடு தாண்டிவிட்டது. அப்போது கூப்பிட்டிருந்தால் பெரும்பாலும் நீர் மாத்திரையை இரண்டொரு நாள் கூட்டிப் போடச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்திருப்பார்கள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். “கால் வீங்கலையே சிஸ்டர், ஞாயித்துக்கிழமை வேற. எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டோம்” என்றார் அந்த அம்மா. எடையை எழுதுவது என்பது ஒரு வேலை, எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது என்பது வேறு வேலை. முதல் வேலையை மட்டும் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. நோட்டு நிறைந்திருக்கும், போன் மட்டும் வராது.

எடை ஏன் ஏறியது? புதன்கிழமை இரண்டு காரியம் நடந்திருந்தது. முழங்கால் வலிக்காகக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட ஆரம்பித்தார். அன்றே, பார்க்க வந்த உறவினர் உடம்புக்குத் தெம்பு என்று கொடுத்துவிட்டுப் போன பொட்டல சூப்பைத் தினமும் மாலையில் குடிக்க ஆரம்பித்தார்.

சூப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லி மூவரும் சேர்ந்து படித்தோம். பின்னால் “ஒரு பரிமாறலுக்கு சோடியம் 800 மி.கி.” என்று போட்டிருந்தது. அதற்கு மேலே சின்ன எழுத்தில், ஒரு பொட்டலம் இரண்டு பரிமாறல். அவர் குடித்தது முழுப் பொட்டலம். அப்படியானால் 1600 மி.கி. சோடியம். சோடியத்தை உப்பாக மாற்ற 2.5 ஆல் பெருக்க வேண்டும்: 4 கிராம் உப்பு. தினமும் வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் இது. புதன் முதல் ஞாயிறு வரை 5 நாளில் 20 கிராம்.

20 கிராம் உப்பு எடையில் ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு ரத்தத்தில் உப்பின் அளவை மாறாமல் வைத்திருக்கப் பார்க்கும். உள்ளே தங்கும் உப்புக்கு ஏற்ற தண்ணீரையும் தங்க வைக்கும், தாகமும் எடுக்கும். கையில் ஏற்றும் சாதாரண சலைனை நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, ரத்தத்தோடு ஒத்துப்போகிற அளவு அது. அப்படியானால் சிறுநீரகம் வெளியே தள்ளாத ஒவ்வொரு 9 கிராம் உப்பும் சுமார் ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். 20 கிராம் முழுவதும் தங்கினால் 2.2 லிட்டர். நல்ல இதயமும் சிறுநீரகமும் உள்ளவர் இதை இரண்டொரு நாளில் சிறுநீராக வெளியேற்றிவிடுவார். இவருக்கு அது நடக்காது. இதயம் தள்ளும் ரத்தம் குறைவாக வருவதை, உடம்பில் நீர் பற்றாக்குறை என்று சிறுநீரகம் எடுத்துக்கொண்டு உப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நோட்டில் புதனிலிருந்து திங்கள் வரை ஏறியது 3.1 கிலோ. மிச்சத்துக்குப் பொறுப்பு பெரும்பாலும் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, நீர் மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும். இந்த நோய் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொங்கு மாத்திரைகளையும் நான் கேட்டுவிடுவேன். அவை பொங்குவதற்குக் காரணம் சோடியம் பைகார்பனேட். சில வகைப் பாராசிட்டமால் பொங்கு மாத்திரை ஒன்றில் சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கிறது, அதாவது 1 கிராம் உப்பு. நாளுக்கு ஆறு போட்டால் சாப்பாட்டையே தொடாமல் அன்றைய உப்பு முடிந்துவிடும். அதே பாராசிட்டமாலை முழுங்கும் மாத்திரையாகப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

தையல்காரருக்கு நரம்பு வழியாக ஃப்யூரோசமைடு கொடுத்தார்கள். எங்கள் மெஷினில் வந்த அன்று 68.0, வீட்டுக்குப் போகும் நாளில் 64.6. மறுநாள் காலை வீட்டு மெஷினில் 63.8. இந்த 0.8 வித்தியாசம் பலரைக் குழப்புகிறது. இரண்டு மெஷின் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஆஸ்பத்திரி எண்ணை மறந்துவிட்டு, வீடு திரும்பிய மறுநாள் காலை வீட்டு மெஷின் காட்டுவதைத்தான் அடிப்படை எடையாக எழுத வேண்டும். அதற்கப்புறம் மெஷினை மாற்றினால், ஒரே காலையில் இரண்டிலும் ஏறி நின்று புது அடிப்படையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எடை பார்க்கும் முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் முன், ஏறக்குறைய ஒரே கனமுள்ள உடையில், செருப்பில்லாமல். மெஷின் கெட்டியான சமதரையில் இருக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் எண் ஆடும். ஒரு டம்ளர் தண்ணீர் கால் கிலோ, நிரம்பிய சிறுநீர்ப்பை இன்னொரு அரைக் கிலோ. மாலையில் ஒரு நாள், காலையில் ஒரு நாள் என்று பார்த்தால் இல்லாத ஏற்றம் தெரியும், இருக்கிற ஏற்றம் மறையும். நிற்கும்போது தலை சுற்றுபவர் பிடித்துக்கொள்ளச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் எண்ணைப் படிக்கிற நொடியில் கையை எடுத்துவிட வேண்டும்.

இந்தத் தடவை அவர்கள் நோட்டின் முதல் பக்கத்தில், எப்போது போன் செய்ய வேண்டும் என்று இரண்டு விதிகளை எழுத வைத்தேன். ஒன்று, 3 நாளுக்கு முந்தைய எடையை விட 2 கிலோவுக்கு மேல் ஏறினால். மற்றொன்று, எந்த நாளாக இருந்தாலும் அடிப்படை எடையை விட 2 கிலோ கூடி 65.8ஐத் தொட்டால். இரண்டாவது எதற்கென்றால், தினமும் 300 கிராமாக ஏறினால் 3 நாளில் 900 கிராம்தான், முதல் விதி மணியே அடிக்காது. ஆனால் ஒரு வாரத்தில் 2 கிலோ சேர்ந்துவிடும். நேற்றோடு மட்டும் ஒப்பிடுகிறவருக்கு இந்த மெதுவான ஏற்றம் கண்ணில் படாது. அப்புறம் அந்த அம்மாவிடம் விதியைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. “ஒரு சனிக்கிழமை காலை 65.9 இருக்கு, ஐயாவுக்குக் காலும் வீங்கலை, மூச்சும் வாங்கலை. என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “போன் பண்ணுவேன், சனிக்கிழமையா இருந்தாலும்” என்றார். போனில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பழக்கினோம்: அடிப்படை எடை, இன்றைய எடை, எத்தனை நாளில் ஏறியது, எத்தனை தலையணை, புதிதாகப் போட்ட மாத்திரை ஏதாவது.

எடையும் ஏமாற்றும். சிலருக்கு எடை பெரிதாக ஏறாமலே நிலைமை மோசமாகிறது. வயிற்றுப் பகுதி ரத்தக்குழாய்களில் இருந்த ரத்தம் நெஞ்சுக்கு இடம் மாறினாலே போதும், புதிதாக ஒரு சொட்டு நீர் சேர வேண்டியதில்லை. அதனால் எடை சரியாக இருக்கிறது என்று சொல்லித் தலையணை கூடியதை ஒதுக்கிவிட முடியாது. இன்னொன்று, நாள்பட்ட நோயில் பசி குறைந்து தசை கரையும். மாதத்துக்கு ஒரு கிலோ தசை போய், ஒரு கிலோ நீர் சேர்ந்தால் நோட்டில் கோடு நேராகவே இருக்கும். மேல்கை மெலிந்து இடுப்புத் துணி இறுகுகிறது என்றால் அடிப்படை எடையையே மறுபடி நிர்ணயிக்கச் சொல்லி டாக்டரிடம் போக வேண்டும். எடை இறங்குவதும் செய்திதான். வாந்தி பேதி இருக்கும்போது நீர் மாத்திரை அதே அளவில் போய்க்கொண்டிருந்தால் இரண்டு கிலோ வேகமாக இறங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். அதற்கும் போன் செய்ய வேண்டும்.

உப்பு விஷயத்தில் நான் முன்பு இருந்த அளவுக்குக் கெடுபிடியாக இப்போது இல்லை. 2022இல் வெளியான சோடியம்-எச்.எஃப். என்ற ஆய்வில், 6 நாடுகளைச் சேர்ந்த 806 பேரில் ஒரு பிரிவினரை நாளுக்கு 1500 மி.கி. சோடியத்துக்குக் கீழே சாப்பிடச் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இறப்பும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் சேர்த்துக் கணக்கிட்டதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உப்பைக் குறைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் கொஞ்சம் நன்றாக இருந்தது. இரண்டு பிரிவினரும் ஆரம்பத்திலேயே சுமார் 2200 மி.கி. அளவில்தான் இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே அளவாகச் சாப்பிடுகிறவரை மேலும் நெருக்குவதில் பெரிய பலன் இல்லை என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. உப்பே இல்லாத சாப்பாட்டை வைத்தால் வயதானவர் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவார், அந்தத் தசை இழப்பு அவருக்கு உப்பை விடக் கெடுதல். ஆனால் நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், என்ற எல்லையைத் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். சமைக்கும்போது கையால் போடுவது கண்ணுக்குத் தெரியும், பொட்டலத்திலும் டப்பாவிலும் சாஸ் பாட்டிலிலும் ரொட்டியிலும் மறைந்து வருவது தெரியாது. அதனால் உப்பைக் குறையுங்கள் என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, வீட்டில் அடிக்கடி வாங்கும் நான்கைந்து பொட்டலங்களைக் கொண்டுவரச் சொல்கிறேன். எந்த ஒன்றை நிறுத்தினால் அதிகம் மிச்சமாகும் என்று சேர்ந்து கணக்குப் போடுகிறோம். தையல்காரருக்கு அது சூப். அதை நிறுத்தியபின் அவர் சாப்பாட்டில் வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை.

நோட்டில் விதிகளை எழுதிய அன்று அவர் மகன் ஒரு டப்பாவைக் காட்டி, சோடியம் குறைந்த உப்பாம், அப்பாவுக்கு இதை வாங்கியிருக்கிறேன் என்றார். கடல் உப்பு, பாறை உப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுலபம்: எல்லாம் ஏறக்குறைய அதே சோடியம் குளோரைடுதான், பலனும் இல்லை. இது வேறு ரகம். சோடியத்தை எடுத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைப் போட்டிருப்பார்கள். நல்ல சிறுநீரகம் உள்ள பலருக்கு இது பரவாயில்லை. ஆனால் இவர் ஸ்பைரனோலாக்டோனும் எனலாப்ரிலும் போடுகிறார், இரண்டுமே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். அதன் மேல் இதையும் தினமும் தூவினால் பொட்டாசியம் வலியில்லாமல், வீக்கமில்லாமல் ஏறி இதயத் துடிப்பையே தடம் புரட்டிவிடும். எடை மெஷினில் அது தெரியாது, ரத்தப் பரிசோதனையில் மட்டும்தான் தெரியும். டப்பாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அப்பா சமையலில் வேண்டாம் என்று சொல்லி, அடுத்த வாரம் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டிய தேதியை நோட்டின் முதல் பக்கத்தில், 65.8க்குக் கீழே எழுதிக் கொடுத்தேன்.